பாம்பன் வான்படத்தின் அளவை: 1:20,000 ஏன் பொருந்தவில்லை?

*ஐயா, வணக்கம். எனக்கு ஊர் மண்டபம். மன்னார் வளைகுடாத் தீவுகளின் கரை மாற்றம் பற்றி முதுகலை ஆய்வு செய்கிறேன். எழுபதுகளில் எடுத்த செங்குத்து வான்படம் ஒன்று கிடைத்திருக்கிறது, 23 செ.மீ. காண்டாக்ட் பிரிண்ட். ஓரத்தில் குவியத்தூரம் 152.4 மி.மீ., உயரமானி 10,000 அடி, மார்ச் மாதம், காலை மணி பத்து என்று இருக்கிறது. வகுப்பில் சொன்னபடி கணக்குப் போட்டால் அளவை 1:20,000 வருகிறது. ஆனால் படத்தில் பாம்பன் ரயில் பாலம் 99 மி.மீ.தான் இருக்கிறது. பாலம் 2,065 மீட்டர் என்று வைத்தால் 1:20,860 ஆகிவிடுகிறது. எங்கே தப்பு செய்தேன்? குருசடைத் தீவின் பரப்பை எந்த அளவையை வைத்துக் கணக்கிடுவது?*

வணக்கம். உங்கள் வகுத்தலில் தப்பு இல்லை. பாலத்தை அளந்ததிலும் பெரிய தப்பு இருக்க வாய்ப்பில்லை. அந்த 10,000 அடி என்ற எண்தான் விமானம் உண்மையில் பறந்த உயரம் இல்லை. மார்ச் மாதத்து ராமநாதபுரக் காற்றில் உயரமானி குறைத்துத்தான் காட்டும். எவ்வளவு குறைத்துக் காட்டும் என்பதையும் கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். அதைப் போட்டுப் பார்த்தால் உங்கள் இரண்டு எண்களும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும்.

முதலில் சூத்திரம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்துவிடுவோம். இரண்டு எண்களில் எதைச் சந்தேகப்பட வேண்டும் என்று அதிலேயே தெரிந்துவிடும். லென்ஸ் ஒரு புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலே குவியத்தூரம் அளவு தள்ளி பிலிம் இருக்கிறது, கீழே பறக்கும் உயரம் அளவு தள்ளி தரை இருக்கிறது. பாலத்தின் இரண்டு முனைகளிலிருந்தும் வரும் ஒளிக்கதிர்கள் லென்ஸில் குறுக்கே வெட்டிப் பிலிமில் போய் விழுகின்றன. லென்ஸுக்கு மேலே ஒரு சின்ன முக்கோணம், கீழே ஒரு பெரிய முக்கோணம், இரண்டும் வடிவொத்தவை. அதனால் படத்தில் உள்ள நீளத்துக்கும் தரையில் உள்ள நீளத்துக்கும் என்ன விகிதமோ, அதுவேதான் குவியத்தூரத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம்.

```
S = f / (H − h)
```

f குவியத்தூரம், H கடல்மட்டத்திலிருந்து விமானத்தின் உயரம், h கடல்மட்டத்திலிருந்து தரையின் உயரம். மேலும் கீழும் ஒரே அலகில் இருக்க வேண்டும். 10,000 அடி என்பது 3,048 மீட்டர், 152.4 மி.மீ. என்பது 0.1524 மீட்டர், வகுத்தால் சரியாக 20,000. 152.4 மி.மீ. என்பதே ஆறு அங்குலம்தான், அதாவது அரை அடி. 10,000 அடியை அரை அடியால் வகுத்தால் 20,000 என்று மனக்கணக்காகவே வந்துவிடும். நீங்கள் போட்டதும் இதேதான்.

இந்தச் சூத்திரத்தில் உள்ள மூன்றில் f-ஐச் சந்தேகப்பட வேண்டியதில்லை. வான்படக் கேமராவின் குவியத்தூரத்தை ஆய்வகத்தில் மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு வரைக்கும் அளந்துதான் கேமராவில் பொறிப்பார்கள். ஆனால் அந்த f பிலிமுக்கு உரியது. படத்தைப் பெரிதாக்கியோ, ஸ்கேன் செய்து சிறிதாக்கியோ அச்சிட்டிருந்தால் அளவையும் கூடவே மாறிவிடும். உங்களிடம் இருப்பது 23 செ.மீ. காண்டாக்ட் பிரிண்ட், அதாவது பிலிமின் அளவிலேயே எடுத்த அச்சு என்பதால் அந்தக் கவலை இல்லை. இருந்தாலும் ஒரு நல்ல கண்ணாடி அளவுகோலை வைத்துப் படச்சட்டத்தை நீளவாக்கிலும் குறுக்கிலும் ஒருமுறை அளந்துவிடுங்கள். பழைய தாள் ஒரு பக்கமாகச் சுருங்கியிருந்தால் அதிலேயே தெரிந்துவிடும்.

h விஷயத்தில் நம் கரை மிகவும் வசதியான இடம். மண்டபம், பாம்பன், தனுஷ்கோடி, குருசடை எல்லாமே கடல்மட்டத்தை ஒட்டிக் கிடக்கும் தட்டை நிலம். பத்து மீட்டர் மணல்மேடு ஒன்று இருந்தால்கூட 3,000 மீட்டரில் அது ஆயிரத்துக்கு மூன்று பங்குதான். அதனால் h-ஐப் பூஜ்யமாக வைத்துக்கொள்ளலாம். இதே விமானம் இதே உயரத்தில் கொடைக்கானலுக்கு மேலே போயிருந்தால் அங்கே தரையே சுமார் 2,100 மீட்டரில் இருக்கிறது. விமானத்துக்கும் தரைக்கும் நடுவே 950 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் மிஞ்சும், அளவை 1:6,200 பக்கம் வந்துவிடும். கடலோரத்தில் பழகிவிட்டு அப்படியே மலைப் படத்துக்குப் போகிறவர்கள் h-ஐக் கழிக்க மறந்துவிடுவது நிறையவே நடக்கிறது.

மிஞ்சுவது H. உங்கள் இரண்டு எண்களும் பொருந்தாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

படத்தின் ஓரத்தில் பதிவாகியிருக்கும் உயரமானி நேராக உயரத்தை அளக்கிற கருவி இல்லை. அது காற்றழுத்தத்தை அளக்கிறது. மேலே போகப் போக அழுத்தம் குறையும், அந்தக் குறைவை முள் அடிக்கணக்கில் காட்டுகிறது. எவ்வளவு அழுத்தம் குறைந்தால் எத்தனை அடி என்று முகப்பில் கோடு போடுவதற்கு, உலகம் முழுக்க ஒரே ஒரு கற்பனையான வளிமண்டலத்தைத் தரமாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தர வளிமண்டலத்தில் கடல்மட்டத்தில் வெப்பம் 15 டிகிரி செல்சியஸ், ஒவ்வொரு கிலோமீட்டர் ஏறும்போதும் 6.5 டிகிரி குறையும், கடல்மட்ட அழுத்தம் 1013.25 மில்லிபார்.

மண்டபத்தில் மார்ச் மாதம் காலை பத்து மணிக்கு 15 டிகிரி எங்கே இருக்கிறது! 29 டிகிரியாவது இருக்கும். சூடான காற்று விரியும். அதனால் அதே எடையுள்ள காற்றுத்தூண் நம் ஊரில் கொஞ்சம் நெட்டையாக நிற்கிறது. தர வளிமண்டலத்தில் 10,000 அடியில் இருக்கும் அழுத்தம், பாம்பனுக்கு மேலே அதைவிட உயரத்தில்தான் கிடைக்கும். உயரமானியின் முள் 10,000-ல் நிற்கிறது என்று விமானி பார்த்துக்கொண்டிருக்கும்போது விமானம் உண்மையில் அதற்கு மேலே பறந்துகொண்டிருக்கிறது.

எவ்வளவு மேலே? தர வளிமண்டலத்தில் கடலிலிருந்து 3,048 மீட்டர் வரை உள்ள தூணின் சராசரி வெப்பத்துக்கு, நடு உயரமான 1,524 மீட்டரில் உள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்வோம். 15-லிருந்து 1.524 × 6.5 டிகிரியைக் கழித்தால் சுமார் 5 டிகிரி, கெல்வினில் 278. நம் காற்று கீழிருந்து மேல்வரை 14 டிகிரி கூடுதல் சூடு என்று வைத்தால் சராசரி 292 கெல்வின். தூணின் நீளம் இந்தக் கெல்வின் வெப்பத்துக்கு நேர்விகிதத்தில் நீளும்.

```
3048 × 292 / 278 = 3201 மீ
```

முகப்பில் உள்ள எண்ணைவிட ஏறக்குறைய 150 மீட்டர் அதிகம்.

அழுத்தத்துக்கும் ஒரு சின்னத் திருத்தம் உண்டு. கருவியைத் தர அழுத்தமான 1013-க்கு வைத்திருந்தார்கள் என்று எடுத்துக்கொள்வோம். அன்றைக்குக் கரையில் உண்மையான அழுத்தம் 1010 பக்கம் இருந்திருந்தால் மூன்று மில்லிபார் வித்தியாசம். கடல்மட்டம் அருகே ஒரு மில்லிபாருக்குச் சுமார் எட்டரை மீட்டர், ஆகவே 25 மீட்டர். இது எதிர்ப்பக்கம் இழுக்கும், ஏனென்றால் அழுத்தம் குறைவான நாளில் கருவி இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். 3,201-லிருந்து 25-ஐக் கழித்தால் 3,176 மீட்டர்.

```
3176 / 0.1524 = 20,840
```

பாலத்தை வைத்து நீங்கள் கண்டது 20,860. இரண்டும் இவ்வளவு நெருங்கி வந்ததில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருக்கிறது. நான் வைத்த 29 டிகிரியும் 1010 மில்லிபாரும் மார்ச் மாதக் கரைக்குப் பொருந்தும் எண்கள், அந்த ஒரு காலைக்கு உரிய அளவீடு இல்லை. காற்றின் சூட்டில் ஒரு டிகிரி மாறினால் உயரம் 11 மீட்டர் மாறும், அளவையின் கீழ் எண்ணில் 72 மாறும். ஆனால் எப்படிப் போட்டாலும் 20,000 வராது. நம் கரையில் வருடத்தின் எந்த மாதத்திலும் காற்றுத்தூண் தர வளிமண்டலத்தைவிடச் சூடுதான், அதனால் உயரமானியை மட்டும் நம்பிப் போட்ட அளவை எப்போதும் ஒரே பக்கமாக, நான்கு ஐந்து சதவீதம் பெரிதாகத்தான் இருக்கும். சில படம் கூடியும் சில படம் குறைந்தும் சராசரியில் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்கவே முடியாது. முன்பு மண்டபம் பக்கத்துப் படங்கள் ஒரு கட்டு முழுவதையும் ஓரத்து எண்ணை வைத்தே அளந்தேன். எல்லாச் சாலையும் வரைபடத்தைவிடக் குட்டையாக வந்த பிறகுதான் எனக்கு இது புரிந்தது.

ஆக, இரண்டில் பாலத்தை நம்புங்கள். உயரமானிக் கணக்கு அளவை எந்தப் பக்கம் இருக்கும் என்று காட்டும், தரையில் அளந்த தூரம் அதை உறுதிப்படுத்தும். ஆனால் 2,065 என்பது பாலத்துக்குப் பொதுவாகச் சொல்லும் நீளம், அதை எந்தக் கல்லிலிருந்து எந்தக் கல் வரை எடுத்தார்கள் என்பது உங்கள் படத்தில் தெரியாது. அதனால் அந்த எண்ணை அப்படியே எடுக்க வேண்டாம். படத்தில் தெளிவாகத் தெரியும் இரண்டு புள்ளிகளை, அதாவது மண்டபம் பக்கமும் பாம்பன் பக்கமும் கரைமேடு முடிந்து பாலம் தொடங்கும் இடங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதே இரண்டு புள்ளிகளைக் கூகுள் எர்த்தில் குறித்துத் தூரத்தை எடுங்கள். 2025-ல் திறந்த புதிய ரயில் பாலம் பழையதை ஒட்டியே போகிறது, 1988-ல் திறந்த சாலைப் பாலமும் பக்கத்தில் இருக்கிறது. எது எதன் முனை என்று குழம்பாமல் இருக்கப் பழைய தேதிப் படத்துக்குப் போய்ப் பாருங்கள். படத்தில் அளக்கும்போது கால் மில்லிமீட்டர் பிசகினால் 99-க்குக் கால் சதவீதம், அளவையில் 50 வரை மாறும். அது பரவாயில்லை. இதையே 10 மி.மீ. நீளமுள்ள ஒரு தெருவை வைத்துச் செய்திருந்தால் இரண்டரை சதவீதம் போயிருக்கும். அளக்க நீளமான பாலத்தைத் தேர்ந்தெடுத்தீர்கள், நல்லதாகப் போயிற்று.

சரி, இப்போது தீவுக்கு வருவோம். பாலத்தில் கிடைத்த அளவையை அப்படியே எடுத்துக் குருசடைக்குப் போடுவதில்தான் ஒரு சிக்கல் இருக்கிறது. பாலத்துக்கும் குருசடைக்கும் நடுவே கிட்டத்தட்ட நான்கு கிலோமீட்டர். உங்கள் படம் மொத்தமே 4.8 கிலோமீட்டர் சதுரம். அப்படியென்றால் பாலம் வடக்கு ஓரத்திலும் தீவு தெற்கு ஓரத்திலும் கிடக்க வேண்டும். செங்குத்துப் படம் என்று பெயர் இருந்தாலும் ஷட்டர் திறக்கிற அந்த நொடியில் விமானம் ஒரு டிகிரி, சில சமயம் இரண்டு டிகிரி சாய்ந்திருக்கும். சாய்ந்த படத்தில் ஒரே அளவை கிடையாது. கேமரா எட்டிப் பார்க்கும் பக்கம் தரை தூரமாகிச் சிறிதாக விழும், மறுபக்கம் பெரிதாக விழும். மையத்திலிருந்து y மி.மீ. தள்ளிய இடத்தில் அந்த வித்தியாசம் ஏறக்குறைய இவ்வளவு:

```
y × sin t / f
```

t என்பது சாய்வு. பாலம் மையத்திலிருந்து 80 மி.மீ. வடக்கே இருந்து, சாய்வு ஒரு டிகிரி வடக்கு தெற்காக இருந்தால் 80 × 0.01745 / 152.4, அதாவது 0.9 சதவீதம். தீவும் அதே அளவு தெற்கே தள்ளி இருந்தால் அங்கே எதிர்ப்பக்கமாக இன்னொரு 0.9. பாலத்தில் 20,860 என்றால் தீவில் 20,480-ஆகவும் இருக்கலாம், 21,240-ஆகவும் இருக்கலாம். ஓரத்தில் பதிவாகியிருக்கும் மட்டக் குமிழியின் படம் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்று பார்த்தால் சாய்வு பெரிதா சிறிதா என்று ஓரளவு தெரியும். ஆனால் திரும்பும் விமானத்தில் குமிழியும் ஏமாற்றும், அதை வைத்துத் திருத்தம் போட முடியாது.

இதைத் தரையில்தான் பிடிக்க வேண்டும். தீவுக்குப் பக்கத்திலேயே இன்னொரு தூரத்தை அளந்து பாருங்கள். கரைக்கோட்டை மட்டும் தொடாதீர்கள், அது மாறியிருக்கிறதா என்பதுதானே உங்கள் ஆய்வே. தீவில் உள்ள பழைய கட்டிடங்களின் மூலைகள், எதிரே நிலப்பக்கத்தில் அன்றும் இன்றும் அசையாமல் இருக்கும் சாலைச் சந்திப்பு, கோயில் மதில் இவற்றில் இரண்டைப் பிடியுங்கள். பனைமரத்தையும் ஒற்றைக் கருவேல மரத்தையும் நம்ப வேண்டாம், ஐம்பது வருடத்தில் எது எது என்றே தெரியாது. முடிந்தால் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு கோடுகள் எடுங்கள். இரண்டிலும் ஒரே அளவை வந்தால் சாய்வு அந்த இடத்தில் பெரிதாகப் பாதிக்கவில்லை என்று தெரியும்.

இதெல்லாம் ஒரு சதவீதம் இரண்டு சதவீதத்துக்காகவா என்று கேட்கலாம். நீளத்தில் அது சின்ன விஷயம்தான். பரப்பில் அளவை வர்க்கமாகிறது. ஒரு உதாரணத்துக்குப் படத்தில் தீவு 1,500 சதுர மில்லிமீட்டர் வந்தது என்று வைத்துக்கொள்வோம். 1:20,000-ல் ஒரு மில்லிமீட்டர் 20 மீட்டர், ஒரு சதுர மில்லிமீட்டர் 400 சதுர மீட்டர், தீவு 60 ஹெக்டேர். 1:20,850-ல் ஒரு சதுர மில்லிமீட்டர் 434.7 சதுர மீட்டர், தீவு 65.2 ஹெக்டேர். அளவையில் நாலேகால் சதவீதம் பரப்பில் எட்டரைக்கு மேல் ஆகிவிட்டது.

அதிலும் இந்தப் பிழை போகும் திசைதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. நீங்கள் 60 ஹெக்டேர் என்று எழுதிவிட்டு இன்றைய செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிடுகிறீர்கள். அதில் தீவு 60 ஹெக்டேராக இருந்தால் மாற்றமே இல்லை என்று முடிவு செய்வீர்கள், ஐந்து ஹெக்டேர் கடலுக்குள் போனது கண்ணுக்கே தெரியாது. மன்னார் வளைகுடாவின் இருபத்தொரு தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் ஏற்கெனவே கடலுக்குள் போய்விட்டன. அரிப்பை மறைக்கிற பக்கமாகப் போகும் பிழை இங்கே மிகப் பெரிய பிழை.

இடையில் ஒன்று, புதிய படங்களோடும் வேலை செய்யப் போகிறீர்கள் என்பதால் சொல்கிறேன். இப்போது விமானத்தில் ஜிபிஎஸ் இருக்கிறது, காற்றின் சூடு அதைப் பாதிக்காது, அதனால் உயரப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பார்கள். நம் கரையில் அங்கே வேறொரு பள்ளம் இருக்கிறது. ஜிபிஎஸ் தருவது பூமிக்குப் பதிலாக வைத்த ஒரு சீரான நீள்வட்டக் கோளத்திலிருந்து அளந்த உயரம். உண்மையான கடல்மட்டம் அந்தக் கோளத்தோடு எல்லா இடத்திலும் ஒட்டாது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஈர்ப்பு குறைந்த பெரிய பகுதி ஒன்று இருக்கிறது, கடல்மட்டம் கோளத்துக்குக் கீழே சுமார் நூறு மீட்டர் இறங்கியிருக்கும் இடம் அது. ராமேசுவரம் அதன் சரிவிலேயே உட்கார்ந்திருக்கிறது, இங்கேயும் 90 மீட்டருக்கு மேல் இறக்கம். திருத்தாத ஜிபிஎஸ்ஸை அக்னி தீர்த்தக் கரையில் வைத்தால் மைனஸ் தொண்ணூற்றுச் சொச்சம் காட்டும். விமானத்தின் பதிவில் 1,500 மீட்டர் என்று இருந்து, அது கோளத்திலிருந்து எடுத்த உயரமாக இருந்தால், கடலுக்கு மேலே அது கிட்டத்தட்ட 1,595. ஆறு சதவீதம். அதனால் புதிய படம் எதை வாங்கினாலும் அந்த உயரம் கோளத்திலிருந்தா, கடல்மட்டத்திலிருந்தா என்று கேட்டு வாங்குங்கள்.

உங்கள் படத்துக்குத் திரும்பினால், நான் அடுத்துச் செய்யச் சொல்வது இன்னொரு படத்தைத் தேடுவது. ஒரே வரிசையில் எடுக்கும் வான்படங்கள் ஒன்றன்மேல் ஒன்று சுமார் 60 சதவீதம் மேற்பொருந்தும்படிதான் எடுப்பார்கள். வடக்கு தெற்காகப் பறந்திருந்தால் இதற்கு அடுத்த எண்ணுள்ள படத்தில் குருசடை 9 செ.மீ. நகர்ந்து மையத்துக்கு அருகில் வந்திருக்கும். மையத்தில் y பூஜ்யம், சாய்வு அங்கே அளவையை ஏறக்குறைய ஒன்றும் செய்யாது. கிழக்கு மேற்காகப் பறந்திருந்தால் தெற்கே உள்ள அடுத்த வரிசையில் தேட வேண்டும். படம் கிடைத்ததும் அதன் ஓரத்து உயரமானியையும் படியுங்கள். அதே 10,000-தான் என்றால் 20,850-லிருந்து தொடங்கலாம். 9,900 என்று இருந்தால் அளவையின் கீழ் எண் ஒரு சதவீதம் குறையும், 20,640 பக்கம் வரும், ஏனென்றால் அன்றைய காற்று இரண்டு படத்துக்கும் ஒன்றுதான். அதன்பின் தீவுப் பக்கத்தில் குறித்து வைத்த அந்த இரண்டு கோடுகளையும் புதிய படத்தில் அளந்து சரிபார்த்துவிட்டுப் பரப்பைப் போடுங்கள். அடுத்த படம் கிடைக்கவே இல்லை என்றால் இப்போதுள்ள படத்தில் தீவருகே கிடைத்த அளவையைப் பயன்படுத்தி, பரப்புக்குப் பக்கத்தில் மூன்று நான்கு சதவீதம் கூடக் குறைய இருக்கலாம் என்று ஆய்வேட்டில் எழுதிவிடுங்கள்.